பாக்கியம் அம்மாவுக்கு: தைராய்டு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் ஏன் சேரக் கூடாது

சாட்ஸ்வொர்த், டர்பன்
14 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பாக்கியம் அம்மாவுக்கு,

வணக்கம். செவ்வாய்க்கிழமை நீங்கள் கடைக்கு வந்தபோது பின்னால் பெரிய வரிசை. நான் சொன்னதில் பாதி உங்கள் காதில் விழுந்திருக்காது. மீதிப் பாதியை வீட்டுக்குப் போவதற்குள் மறந்திருப்பீர்கள், அதில் தப்பே இல்லை. ஆங்கிலத் தாளைக் கொடுத்தால் பேரன் வரும்வரை அது மேசையில் கிடக்கும் என்று நீங்களே சொன்னீர்கள். அதனால்தான் தமிழில், கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். மருமகளிடமும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள், மாத்திரைப் பெட்டியை நிரப்புவது அவர்தானே.

முதலில் முக்கியமான சேதி. டாக்டர் உங்கள் தைராய்டு மாத்திரையை 75 மைக்ரோகிராமிலிருந்து 100 ஆக ஏற்றி எழுதியிருந்தார். அந்த 100-ஐ நான் உங்களுக்குத் தரவில்லை. பழைய 75-தான் பையில் இருக்கிறது. கடையில் மருந்து தீர்ந்துபோய் அப்படிச் செய்யவில்லை. நீங்கள் போனதும் டாக்டரிடம் போனில் பேசினேன். இப்போதைக்கு 75-லேயே இருக்கட்டும், கால்சியத்தைத் தள்ளிப் போட்டுப் பார்ப்போம், அக்டோபர் முதல் வாரத்தில் மறுபடி ரத்தம் எடுப்போம் என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

ஏன் என்று சொல்கிறேன். பிப்ரவரியில் எடுத்த தைராய்டு ரத்தச் சோதனையில் டி.எஸ்.எச். என்ற உங்கள் எண் 2.4. அது நல்ல எண். இந்த மாதம் 8.9. அந்த எண் ஏறினால் உடம்புக்குத் தைராய்டு மருந்து போதவில்லை என்று பொருள். சாதாரணமாக 4-ஐ ஒட்டித்தான் மேல் எல்லை வைத்திருப்பார்கள். சோர்வு, மலச்சிக்கல், எவ்வளவு போர்த்தினாலும் போகாத குளிர், முடி கொட்டுவது எல்லாம் அதனால் வரக்கூடியவைதான். வயசு, அப்புறம் இந்த ஜூலைக் குளிர் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தீர்கள்.

நீங்களோ ஒரு நாள்கூட மாத்திரையை விட்டவர் இல்லை. எடையும் ஏறவில்லை. பின்னே எப்படி எண் ஏறியது? பிப்ரவரிக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில் மாறியது ஒன்றுதான்: மணிக்கட்டு முறிந்த பிறகு எலும்பு டாக்டர் கால்சியம் எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரையை வேறு இடத்தில் வாங்கியதால் என் பதிவில் அது இல்லை. கவுண்டரில் மாத்திரைப் பெட்டியைத் திறந்து காட்டினீர்களே, அப்போதுதான் பார்த்தேன். ஏழு நாளுக்கும் 'காலை' என்ற கட்டத்தில் அந்தச் சின்ன மாத்திரையும் பெரிய சுண்ணாம்பு மாத்திரையும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. மருமகள் மேல் குறை ஒன்றும் இல்லை. கால்சியம் டப்பாவில் காலை, இரவு உணவோடு என்றுதான் எழுதியிருந்தது. தைராய்டு டப்பாவிலும் காலை என்றுதான் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் படித்தால் யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

இரண்டும் ஒன்றாக வயிற்றுக்குள் போனால் என்ன ஆகிறது தெரியுமா? தைராய்டு மருந்து கரைந்து, சிறுகுடலின் சுவர் வழியாக ரத்தத்தில் ஏற வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் பெரும்பகுதி ஏறிவிடும். பக்கத்தில் கால்சியம் இருந்தால் மருந்து அதோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது குடல் சுவரைத் தாண்ட முடியாமல் மலத்தோடு வெளியே போய்விடும். டாக்ஸி ஏறப் போகிறவரின் கையைப் பிடித்துப் பக்கத்து வீட்டுக்காரர் கதை பேச ஆரம்பித்தால் டாக்ஸி போய்விடும் இல்லையா, அந்தக் கதைதான். அளவையும் பாருங்கள். உங்கள் தைராய்டு மாத்திரைக்குள் இருக்கும் மருந்து 75 மைக்ரோகிராம். ஒரு கால்சியம் மாத்திரைக்குள் இருக்கும் கால்சியம் 500 மில்லிகிராம். கணக்குப் போட்டால் ஆறாயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல். இந்தச் சண்டையில் சின்னது ஜெயிக்காது.

இது என் சொந்த யோசனை இல்லை. அமெரிக்காவில் தைராய்டு மாத்திரை சாப்பிடும் 20 பேருக்கு, அதே நேரத்தில் தினமும் 1200 மில்லிகிராம் கால்சியத்தை மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2000-ஆம் ஆண்டு அதை வெளியிட்டார்கள். டி.எஸ்.எச். ஏறியது, கால்சியத்தை நிறுத்தியதும் இறங்கியது. எல்லாருக்கும் ஒரே மாதிரி ஏறவில்லை, சிலருக்கு அதிகம், சிலருக்குக் கொஞ்சம். உங்களுக்கு அதிகம் ஏறியிருக்கிறது போல. நிச்சயமாகத் தெரிய அக்டோபர் சோதனை வர வேண்டும்.

சரி, அப்படியென்றால் 100-ஐப் போட்டுவிட்டு இரண்டையும் சேர்த்தே சாப்பிட்டால் என்ன என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் மருமகள் கேட்பார். கால்சியம் எவ்வளவு மருந்தைப் பிடித்து வைக்கும் என்பது நாளுக்கு நாள் மாறும். ஒரு நாள் மறந்துபோய் கால்சியம் போடவில்லை, ஒரு வாரம் டப்பா தீர்ந்துபோய் வாங்கவில்லை என்றால் அந்த 100 முழுசாக ரத்தத்தில் ஏறிவிடும். உங்கள் வயதில் தைராய்டு மருந்து மிஞ்சினால் இதயம் தாறுமாறாகத் துடிக்க ஆரம்பிக்கலாம், கை நடுங்கும், தூக்கம் போகும். இன்னொன்றும் இருக்கிறது. மிஞ்சிய மருந்து எலும்பையும் கரைக்கும். எலும்புக்காகத்தான் கால்சியம் சாப்பிடுகிறீர்கள். அதே கால்சியத்தால் தைராய்டு மருந்தைக் கூட்டி, அந்தக் கூட்டிய மருந்தே எலும்பைத் தின்றால் என்ன பிரயோசனம்? செவ்வாய்க்கிழமை உங்களைக் காத்திருக்க வைத்தது இதனால்தான்.

கால்சியத்தை நிறுத்தச் சொல்லவில்லை, அம்மா. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "அந்த மாத்திரைதான் கெடுத்தது" என்று சொல்லிக் குப்பையில் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மணிக்கட்டு ஒருமுறை முறிந்தவருக்கு அது தேவைதான். நேரத்தை மட்டும் மாற்றுகிறோம். குறைந்தது நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும், அவ்வளவே.

நீங்கள் அஞ்சரைக்கு எழுந்து முகம் கழுவி விளக்கு ஏற்றுவதாகச் சொன்னீர்கள். விளக்கு ஏற்றும் முன்பே தைராய்டு மாத்திரையை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரோடு போட்டுவிடுங்கள். பால் டீ ஆறரைக்கு மேல், அதற்கு முன் வேண்டாம். பாலும் கால்சியம்தான், காப்பியும் மருந்து ஏறுவதைக் குறைக்கும். காலையில் பால் ஊற்றிய கஞ்சி எப்போதும் போல ஏழரைக்கு இருக்கட்டும். ஒரு கால்சியத்தை மத்தியானச் சாப்பாட்டோடு, இன்னொன்றை இரவுச் சாப்பாட்டோடு போடுங்கள். உங்களிடம் இருப்பது கால்சியம் கார்பனேட். சாப்பிடும்போது வயிற்றில் ஊறும் அமிலத்தில்தான் அது நன்றாகக் கரையும், அதனால் உணவோடு என்பதை விடாதீர்கள். இரண்டையும் ஒரே வேளையில் போட்டு முடித்துவிடவும் வேண்டாம். உடம்பு ஒரு தடவைக்கு 500 மில்லிகிராம் அளவுக்குத்தான் நன்றாக எடுத்துக்கொள்ளும்.

மாத்திரைப் பெட்டியில் இனி 'காலை' கட்டத்தில் தைராய்டும் ரத்தக்கொதிப்பு மாத்திரையும் மட்டும். கால்சியத்தை 'மதியம்', 'இரவு' கட்டங்களுக்கு மாற்றச் சொல்லுங்கள். ரத்தக்கொதிப்பு மாத்திரையைக் கஞ்சியோடு போடுங்கள், பழையபடியே. அதில் மாற்றம் இல்லை.

காலையில் தைராய்டு மாத்திரையை மறந்து பத்து மணிக்கு நினைவு வந்தால் அப்போதே போடுங்கள். அன்றைக்கு மத்தியானக் கால்சியத்தை விட்டுவிட்டு இரவில் மட்டும் போட்டால் போதும். நாள் முழுக்க மறந்துபோனால் மறுநாள் வழக்கமான ஒன்றுதான், சேர்த்து இரண்டு வேண்டாம். இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், ஒரு நாள் தவறியதால் ஒன்றும் ஆகிவிடாது. அதே காரணத்தால்தான் நேரத்தை மாற்றிய மறுநாளே தெம்பு வந்துவிடாது. ரத்தச் சோதனையை ஏழு வாரம் தள்ளி வைத்ததும் அதற்காகத்தான். அதற்குள் ஆளாளுக்கு அளவை மாற்றினால் எண் எதைக் காட்டுகிறது என்று யாருக்கும் புரியாது.

சோதனைக்குப் போகும் காலையில் தைராய்டு மாத்திரையைக் கையில் எடுத்துப் போங்கள். ரத்தம் எடுத்த பிறகு போட்டு, ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள். முடிக்கு நல்லது என்று மகள் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து அனுப்பிய வைட்டமின் டப்பாவில் பயோட்டின் இருக்கிறது. அது தைராய்டு சோதனையின் எண்ணைப் பொய்யாகக் காட்டும். சோதனைக்கு மூன்று நாள் முன்பே அதை நிறுத்துங்கள்.

சோதனை புரட்டாசியில் வருகிறது. சனிக்கிழமை விரதத்துக்கு ஒருவேளைச் சாப்பாடுதான் என்றால் அன்றைக்கு அந்தச் சாப்பாட்டோடு ஒரு கால்சியம் போதும், இன்னொன்றை வெறும் வயிற்றில் போட வேண்டாம். தைராய்டு மாத்திரையை மட்டும் விரதம் என்று விட்டுவிடாதீர்கள். தண்ணீரோடு ஒரு சின்ன மாத்திரை போட்டால் விரதம் கெடும் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

கால்சியம் என்று பெயர் எழுதாமலேயே அதை உள்ளே வைத்திருக்கும் பொருள்கள் உண்டு. நெஞ்செரிச்சலுக்குச் சப்பிச் சாப்பிடும் மாத்திரைகளில் பலது சுண்ணாம்புதான், அதற்கும் நாலு மணி நேரக் கணக்கு உண்டு. இரும்புச் சத்து மாத்திரையும் அப்படியே. எதிர் வீட்டு அக்கா கொடுத்தார், பங்களாதேஷ் மார்க்கெட்டில் விற்றார்கள் என்று எதை வாங்கினாலும் முதலில் எனக்குக் காட்டுங்கள்.

இதற்கு நடுவில் நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், காரணமில்லாமல் வியர்வை வந்தால் அக்டோபர்வரை காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் கடைக்கோ கிளினிக்குக்கோ வராமல் நேராக ஆஸ்பத்திரி. சோர்வு இன்னும் அதிகமானாலோ, தூக்கக் கலக்கம் போல மந்தமாக இருந்தாலோ மருமகளை எனக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். எண் பையின் மேல் இருக்கிறது. சனிக்கிழமை ஒரு மணிவரை கடையில் இருப்பேன்.

எலும்பு டாக்டரை அடுத்த மாதம் பார்க்கும்போது, தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாரம் ஒருமுறை போடும் எலும்பு மாத்திரை ஒன்றை அவர் எழுதலாம். அதுவும் எழுந்தவுடன் வெறும் வயிற்றில்தான், போட்டபின் அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. அப்படி எழுதினால் சீட்டை என்னிடம் கொண்டு வாருங்கள், அந்த ஒரு நாளுக்கு மட்டும் காலை வேளையை வேறு மாதிரி அடுக்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
தேவி மூட்லி
மருந்தாளர்

பி.கு. கால்சியம் மாத்திரை தொண்டையில் சிக்குகிறது என்றீர்கள். நடுவில் கோடு இருக்கிறது, இரண்டாக உடைத்து ஒவ்வொன்றாக விழுங்கலாம். தைராய்டு மாத்திரையை உடைக்க வேண்டாம், அது முழுசாகவே போகட்டும்.