பிரிக்ஃபீல்ட்ஸ்ல சின்ன ஸ்டூடியோ வாடகைக்கு, 1,450 வெள்ளி, மார்ச் 1லேர்ந்து காலி, ஏஜென்ட் இல்ல

கேஎல்லுக்கு புதுசா வேலைக்கு வர்ற தம்பி தங்கச்சிங்களுக்குத்தான் இத போடறேன். நானும் சுங்கைப்பட்டாணிலேர்ந்து ஒரு பேக்கோட வந்து இறங்கினவதான், வீடு தேடி அலையறது எப்படி இருக்கும்னு தெரியும்.

வீடு 380 சதுர அடி. போட்டோல பெருசா தெரியும், ஆனா நேர்ல சின்னதுதான், கட்டில்லேர்ந்து ஃப்ரிட்ஜுக்கு நாலு எட்டு. 11வது மாடி. துன் சம்பந்தன் ரோட்டுக்கு ஒரு சந்து உள்ள தள்ளி இருக்கு, கேஎல் சென்ட்ரலுக்கு நடந்தா எட்டு பத்து நிமிஷம், மழை வந்தா நியூ சென்ட்ரல் மால் வரைக்கும் ஐஞ்சடி வழியா ஒதுங்கி ஒதுங்கி போயிடலாம்.

இந்த எடத்தோட மதிப்பே ரயில்தான். கேஎல்சிசில ஆபீஸா, எல்ஆர்டில அஞ்சாவது ஸ்டேஷன். பங்சார் சவுத் பக்கம்னா கெரிஞ்சி மூணாவது ஸ்டேஷன். டிஆர்எக்ஸ்னா மூசியம் நெகாரா எம்ஆர்டிக்கு கேஎல் சென்ட்ரல் உள்ளயே நடைபாதை இருக்கு, அங்கேர்ந்து நாலாவது ஸ்டேஷன். வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சு ஈப்போ, பட்டர்வொர்த் போறவங்களுக்கு இடிஎஸ்ஸும் அங்கேயேதான், பைய தூக்கிட்டு நடந்தே போயிடலாம். மலேசிய ஐசி இருந்தா 50 வெள்ளி மை50 பாஸ் எடுத்துக்கோங்க, 30 நாளைக்கு ரேபிட் கேஎல் ரயில் பஸ் செலவு அவ்வளவுதான், காடி எதுக்கு? காடி இருந்தே ஆகணும்னா சொல்லிடறேன், இந்த வீட்டுக்கு பார்க்கிங் கிடையாது, கீழ வேற ஓனர் கிட்ட மாச வாடகைக்கு எடுக்கணும். மோட்டார் நிறுத்த காசு கட்ட வேணாம்.

உள்ள என்ன இருக்குன்னா குவீன் கட்டில், மெத்தை போன வருஷம்தான் மாத்தினேன், அலமாரி, மேசை நாற்காலி, ஏர்கோன், ஃபேன், ஹீட்டர், வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், இன்டக்‌ஷன் அடுப்பு, ரைஸ் குக்கர். டிவி இல்ல. சட்டி பானை கொஞ்சம் விட்டு வச்சிருக்கேன், தோசைக்கல்லும் இருக்கு, அத மட்டும் சோப்பு போட்டு தேய்ச்சிடாதீங்க ப்ளீஸ், பழகி பழகி இப்பதான் தோசை ஒட்டாம வருது. ரூமும் அடுப்படியும் ஒண்ணுதான், சமைக்கலாம், கறி வைக்கலாம், ஆனா கருவாடு வறுத்தா ரெண்டு நாளைக்கு தலையணைல வாசம் இருக்கும், அனுபவத்துல சொல்றேன்.

குறைய முன்னாடியே சொல்லிடறேன், வந்து பாத்துட்டு ஏமாந்த மாதிரி ஆகக்கூடாது. ஜன்னல் மேற்கு பாத்தது, சாயந்திரம் நாலு மணிக்கு மேல வெயில் நேரா அடிக்கும், தடிச்ச திரை போட்டிருக்கேன், அப்பவும் சூடுதான். மோனோரயில் சத்தம் கேக்கும், ரெண்டு வாரத்துல பழகிடும். தீபாவளிக்கு முன்ன ஒரு மாசம் கீழ ரோட்ல காடி நகராது, நடக்கறவங்களுக்கு அது கொண்டாட்டம். ரெண்டு லிஃப்ட்ல ஒண்ணு அப்பப்ப படுத்துக்கும்.

சாப்பாட்டுக்கு கவலையே வேணாம், கீழ இறங்கினா வாழையில சாப்பாடு, பூக்கடை, மாமாக் கடை எல்லாம் இருக்கு, ராத்திரி லேட்டா வந்தாலும் ரொட்டி சானாய் கிடைக்கும். ஸ்காட் ரோடு கந்தசாமி கோவிலுக்கும் நடந்தே போலாம்.

காசு விஷயம். வாடகை 1,450, இதுல தண்ணியும் வைஃபையும் சேத்தி. கரண்ட் பில் நீங்க கட்டணும், ராத்திரி முழுக்க ஏர்கோன் ஓடினா எனக்கு 80 வெள்ளிகிட்ட வந்துச்சு. உள்ள வர்றப்ப ரெண்டு மாச டெபாசிட் 2,900, யூட்டிலிட்டி டெபாசிட் அரை மாசம் 725, முதல் மாச வாடகை 1,450, மொத்தம் 5,075. புதுசா வேலைல சேர்றவங்களுக்கு இது பெரிய தொகைன்னு தெரியும், அதனால யூட்டிலிட்டி டெபாசிட்ட மட்டும் முதல் சம்பளம் வந்த பிறகு குடுத்தா போதும். ஒரு வருஷ அக்ரிமென்ட், ஸ்டாம்பிங் செலவு என்னோடது. வெளிய போறப்ப ரெண்டு மாசம் முன்ன சொல்லணும். டெபாசிட்ட 14 நாளைக்குள்ள திருப்பிடுவேன், என் பழைய ஓனர் ஒருத்தர் செவுத்துல ஆணி அடிச்சேன்னு மொத்தத்தையும் புடிச்சிக்கிட்டார், அந்த கடுப்பு இன்னும் இருக்கு. அதான் சாவி குடுக்கறப்ப ரெண்டு பேரும் சேந்து போட்டோ எடுத்து வச்சிப்போம்.

ஒருத்தர் இல்ல ரெண்டு பேர், அதுக்கு மேல வேணாம். என்ன இனம், என்ன மதம்னு கேக்க மாட்டேன். போன்ல என் பேர கேட்டதுமே "வீடு போயிடுச்சு"ன்னு வச்சவங்க எத்தன பேருன்னு எனக்கு கணக்கு தெரியும், அத இன்னொருத்தருக்கு நான் செய்ய மாட்டேன். ஆஃபர் லெட்டரும் ஐசியும், வெளிநாட்டவங்கன்னா பாஸ்போர்ட்டும் வேலை பெர்மிட்டும் காட்டினா போதும். உள்ள சிகரெட் வேணாம். பூனை பேசிக்கலாம்.

பாக்க வர்றதுன்னா சனி ஞாயிறு நாலு மணிக்கு மேல வாங்க, அப்பதான் அந்த வெயிலையும் பாப்பீங்க. வேலை நாள்னா ராத்திரி ஏழரைக்கு மேல. வெளியூர்ல இருந்தா வீடியோ கால்ல பைப்ப திறந்து தண்ணி வேகம் வரைக்கும் காட்டறேன், ஆனா நேர்ல பாக்காம எனக்கும் சரி யாருக்கும் சரி புக்கிங் பணம் போடாதீங்க, இங்க ஏமாத்துறவங்க நிறைய. இன்பாக்ஸ்ல என்ன வேலை, எங்க ஆபீஸ், எப்ப வர்றீங்கன்னு மூணு வரி எழுதுங்க. வெறும் "இருக்கா?"ன்னு மட்டும் அனுப்பினா பதில் லேட்டாதான் வரும்.