பொருள்: கிளிஞ்சல் டைட்ரேஷனில் 106 சதவீதம் வந்தது பற்றி, வியாழக்கிழமை திரும்பச் செய்ய அனுமதி கேட்டு

வணக்கம் மேடம்,

நான் இரண்டாம் ஆண்டு வேதியியல், செவ்வாய்க்கிழமை பேட்ச் முத்துமாரி. மண்டபத்தில் வடகடல் கரையிலும் தென்கடல் கரையிலும் பொறுக்கி வந்த கிளிஞ்சலில் எவ்வளவு கால்சியம் கார்பனேட் இருக்கிறது என்று பார்க்கும் சோதனையை நானும் பாத்திமாவும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம் இல்லையா, அதில் எனக்கு வந்த தென்கடல் கணக்கு 106 சதவீதம் என்று நிற்கிறது. நூறைத் தாண்டவே முடியாது என்பதால் அதை ரெக்கார்டு நோட்டில் ஏற்றாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

எண்களை அப்படியே சொல்லிவிடுகிறேன். தூள் 1.000 கிராம், அதில் 0.5 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மி.லி. ஊற்றி, கரைந்ததும் சூடாக்கி, ஆறவைத்து 250 மி.லி. ஆக்கினேன். அதிலிருந்து 20 மி.லி. எடுத்து, மிச்சமிருக்கும் அமிலத்தை 0.05 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுப் பார்த்தால் 6.1, 6.1, 6.1. சுத்தமான கால்சியம் கார்பனேட்டையே 1 கிராம் போட்டிருந்தாலும்

CaCO3 + 2HCl → CaCl2 + H2O + CO2

என்ற கணக்குப்படி 8 மி.லி. வந்திருக்க வேண்டும். என் கிளிஞ்சல் அதைவிட அதிகமாக அமிலத்தைத் தின்றதாகக் காட்டுகிறது.

மூன்று தடவையும் ஒரே அளவு வந்ததும் சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்று அன்றைக்கு நிம்மதியாக இருந்தேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் யோசித்தபோதுதான் உறைத்தது, மூன்றும் ஒரே 250 மி.லி. குடுவையிலிருந்து எடுத்தவை. நான் ப்யூரெட்டை ஒழுங்காகப் பார்த்தேன் என்பதற்கு மட்டும்தான் அவை சாட்சி, குடுவைக்குள் போவதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதைப் பற்றி அவற்றால் ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் அந்தக் குடுவையில் மீதி இருப்பதை வைத்து இன்னும் பத்து தடவை டைட்ரேட் செய்தாலும் பிரயோஜனம் இல்லை.

அப்புறம், எந்தத் தவறு நடந்தால் விடை எந்தப் பக்கம் போகும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பினாப்தலீனில் இளஞ்சிவப்பைத் தாண்டி விட்டிருந்தால் ப்யூரெட் அளவு கூடும், சதவீதம் குறையும். கரைசலில் கார்பன் டை ஆக்சைடு தங்கியிருந்தாலும் அதே கதைதான். தூளில் மணலோ உப்போ ஈரமோ இருந்தாலும் சதவீதம் குறையத்தான் செய்யும். இவை எல்லாமே எனக்கு வந்ததற்கு எதிர்ப்பக்கம். மெக்னீசியம் கார்பனேட் கலந்திருந்தால் நூறைத் தாண்டலாம், அதன் மூலக்கூறு எடை குறைவு, ஆனால் 106 வர வேண்டுமென்றால் தூளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அதுவாக இருக்க வேண்டும், கிளிஞ்சலில் அவ்வளவு கிடையாது.

அமிலம் லேபிளில் போட்டிருப்பதைவிட நீர்த்திருக்குமோ என்ற சந்தேகம் ஒன்று இருந்தது. புதன்கிழமை லேப் அண்ணனிடம் கேட்டு, அதே பாட்டிலில் இருந்து 10 மி.லி. எடுத்து 100 ஆக்கி, அதில் 20 மி.லி.க்குப் பார்த்தேன். 20.0 வர வேண்டிய இடத்தில் 19.9 வந்தது. அதைத் திருத்திப் போட்டாலும் 106 என்பது 105.4 ஆகிறது, அவ்வளவுதான். பாத்திமா அதே அமிலம், அதே சோடியம் ஹைட்ராக்சைடு, அதே 1.000 கிராம் எடை வைத்துத்தான் வடகடல் கிளிஞ்சலைச் செய்தாள், அவளுக்கு 8.9 மி.லி., அதாவது 96.6 சதவீதம். ஆக ரீஏஜெண்டுகளின் மேல் பழி போட வழியில்லை.

மிஞ்சுவது நான் கரைத்த விதம். பாத்திமா கூம்புக் குடுவையில் தூளை ஈரமாக்கிவிட்டு அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். நான் 100 மி.லி. பீக்கரில் இரண்டு பிப்பெட் அமிலத்தையும் அடுத்தடுத்து விட்டுவிட்டேன். கிளிஞ்சல் தூள் சோப்பு நுரை மாதிரி பொங்கும் என்று எனக்குத் தெரியாது, நுரை விளிம்பு வரை ஏறி மூக்கு வழியாக ஒரு ஓட்டம் வெளியே வழிந்தது. வாட்ச் கிளாஸ் மூடவில்லை. பீக்கரைத் தூக்கியபோது கீழே இருந்த வெள்ளை டைலில் வட்டமாக ஈரம், என் அப்சர்வேஷன் நோட்டின் ஓரத்தில் தாள் அங்கேயே நைந்திருக்கிறது, இப்போதும் பார்க்கலாம். அதைத் துணியால் துடைத்துவிட்டு நோட்டில் ஒரு வார்த்தைகூட எழுதாமல் விட்டது என் தவறு மேடம், எழுதியிருந்தால் அன்றைக்கே உங்களிடம் கேட்டிருப்பேன்.

தூள் கனம் என்பதால் அடியில் கிடந்தது, வழிந்தது பெரும்பாலும் அமிலம்தான் என்று நினைக்கிறேன். தூளும் சேர்ந்து போயிருந்தால் விடை இவ்வளவு ஏறியிருக்காது. கணக்கும் ஒத்துப்போகிறது: தென்கடல் கிளிஞ்சலும் வடகடல் அளவிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் என்னிடம் காணாமல் போனது சுமார் 3.5 மி.லி. அமிலம். டைலில் இருந்த ஈரத்துக்கு அது நியாயமான அளவு. ஆனாலும் ஒன்றை மறைக்கக் கூடாது, சூடாக்கும்போது பீக்கரின் மேல் சுவரில் ஒட்டிய நுரை காய்ந்து வெள்ளையாகப் பொரிந்திருந்தது, அந்த இடத்திலும் கொஞ்சம் அமிலம் ஆவியாகிப் போயிருக்கலாம். வழிந்தது எவ்வளவு, காய்ந்தது எவ்வளவு என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதனால்தான் எடை போடுவதிலிருந்து திரும்பச் செய்ய விரும்புகிறேன். தென்கடல் தூள் இன்னும் 6 கிராமுக்கு மேல் இருக்கிறது. 250 மி.லி. கூம்புக் குடுவையில், வாயில் சின்னப் புனல் வைத்து, தூளை நனைத்து, அமிலத்தை மெதுவாக விட்டு, கடைசியில் புனலையும் சுவரையும் கழுவி உள்ளேயே சேர்த்துவிடுவேன். இந்த முறை தனித்தனியாக இரண்டு எடை எடுத்து இரண்டு தடவை கரைப்பேன், ஒரே குடுவையை நம்பி இருக்க வேண்டாம். கூடவே தூள் போடாமல் அமிலத்தை மட்டும் அதேபோல் சூடாக்கி ஒரு பிளாங்க், அது 39.8 மி.லி. பக்கத்தில் வந்தால் சூடாக்குவதில் இழப்பு இல்லை என்று தெரிந்துவிடும். சுத்தமான கால்சியம் கார்பனேட் 1 கிராம் தர முடிந்தால் அதையும் செய்கிறேன், 7.8 வர வேண்டும். அது வராவிட்டால் தப்பு என் கையில்தான், கிளிஞ்சலில் இல்லை.

இரண்டு கடலுக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்பதுதான் எங்கள் கேள்வியே. தென்கடல் எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு பாத்திமாவின் எண்ணை மட்டும் வைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை, 106-ஐ 96 என்று திருத்தி எழுதவும் மாட்டேன். பழைய அளவுகளை அடிக்காமல் அப்படியே விட்டு, பக்கத்தில் வழிந்த விஷயத்தை இன்றைய தேதி போட்டு எழுதிவைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை மதியம் 2 மணிக்கு மேல் லேப் காலியாக இருக்கும் என்று அண்ணன் சொன்னார். இரண்டரை மணி நேரம் போதும், 5 மணி மண்டபம் பஸ்ஸைப் பிடித்துவிடுவேன். நீங்கள் சரி என்றால் காலையிலேயே வந்து தூளை உலர்த்த ஓவனில் வைத்துவிடுகிறேன். அன்று முடியாது என்றால் உங்களுக்குத் தோதான நாளைச் சொல்லுங்கள் மேடம், அதுவரை ரெக்கார்டில் அந்தப் பக்கத்தை முடிக்காமல் வைத்திருக்கிறேன்.

நன்றி மேடம்.

முத்துமாரி
இரண்டாம் ஆண்டு வேதியியல், செவ்வாய் பேட்ச்