2027 மாதச் சுவர் நாட்காட்டி: முதல் மாதிரித் தாள்கள் குறித்த கருத்துரை

வடிவமைப்பாளர் அவர்களுக்கு, வணக்கம்.

திருவல்லிக்கேணியில் உள்ள நமது சிக்கன நாணயச் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு வழங்கவிருக்கும் 15 × 20 அங்குல நாட்காட்டிக்காகத் தாங்கள் அனுப்பிய பன்னிரண்டு மாதிரித் தாள்களையும் அலுவலகச் சுவரில் மாட்டி, எட்டடி தள்ளி நின்றும் அருகில் சென்றும் பார்த்தோம். படங்களும் மாதப் பெயர்களின் எழுத்துருவும் நன்றாக இருக்கின்றன. அவற்றில் மாற்றம் வேண்டாம். திருத்த வேண்டியவை பெரும்பாலும் தேதிக் கட்டங்களில்தான் உள்ளன.

மாதிரியில் வாரம் திங்களில் தொடங்குகிறது. சனியும் ஞாயிறும் அருகருகே அமைவதும், 2027 பிப்ரவரி நான்கே வரிசைகளில் அடங்கிவிடுவதும் இதன் நன்மைகள் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் ஞாயிற்றில் தொடங்கும் வரிசைக்கே நம் வீடுகளில் கண் பழகியிருக்கிறது. மேலும், வங்கிகளுக்கு விடுமுறையான இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் அவ்வமைப்பில் எந்த மாதத்திலும் இரண்டாவது, நான்காவது வரிசைகளின் கடைசிக் கட்டத்திலேயே விழும். திங்களில் தொடங்கினால் இந்த ஒழுங்கு குலைகிறது: 1ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையாக வரும் ஆகஸ்டில், இரண்டாம் சனியான 14ஆம் தேதி மூன்றாவது வரிசைக்குப் போய்விடுகிறது. தவணை கட்ட வங்கிக்குச் செல்லும் உறுப்பினர்களுக்கு இது பெரிய இடைஞ்சல் என்பதால், ஞாயிற்றையே முதல் கட்டமாக வைக்க வேண்டுகிறோம்.

அவ்வாறு மாற்றும்போது ஜனவரி, மே, அக்டோபர் ஆகிய மூன்று மாதங்களுக்கு ஆறு வரிசைகள் தேவைப்படும். மாதிரியில் மே 24, 31 ஆகிய இரண்டையும் ஒரே கட்டத்தில் குறுக்குக் கோடு போட்டு அடக்கியிருப்பதுபோல் அங்கும் செய்துவிட வேண்டாம். 31ஆம் தேதியை முதல் வரிசையின் வெற்றுக் கட்டத்தில் ஏற்றிவிடும் பழைய வழக்கமும் வேண்டாம், ஏனெனில் ஒன்றாம் தேதிக்கு முன்னால் முப்பத்தொன்று நிற்பதைப் பழகியவர்கள்கூடச் சில நொடிகள் தயங்கியே படிக்கிறார்கள். இம்மூன்று மாதங்களில் மட்டும் படத்தின் உயரத்தை ஆறரை அங்குலத்திலிருந்து ஐந்தாகக் குறைத்தால், இப்போது 9 அங்குலமாக உள்ள கட்டப் பகுதி பத்தரை அங்குலமாகும்; ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்றே முக்கால் அங்குலம் கிடைப்பதால் மற்ற மாதங்களோடு ஒப்பிட்டாலும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

குறிப்பு எழுதும் இடம்தான் எங்களுக்கு மிகுந்த கவலை தந்தது. கேஸ் சிலிண்டர் பதிவு செய்த நாள், லாரித் தண்ணீர் வந்த நாள், பால் போடாத நாள் என்று எழுதத்தான் இந்த நாட்காட்டி சமையலறையில் மாட்டப்படுகிறது. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம் ஆகிய ஐந்தும் அச்சிடப்பட்டுள்ளதால் ஒரு சொல் எழுதவும் இடமில்லை. ராகு காலமும் எமகண்டமும் கிழமையைப் பொறுத்தவை. ஞாயிறு என்றால் ராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை, சனி என்றால் காலை 9 முதல் 10.30 வரை என்று நம் பஞ்சாங்க வழக்கில் ஆண்டு முழுவதும் ஒன்றேதான். ஆகவே அவ்விரண்டையும் கிழமைப் பெயருக்குக் கீழே ஒருமுறை மட்டும் அச்சிட்டால் போதும். நாளுக்கு நாள் மாறும் திதியும் நட்சத்திரமும் கட்டத்தின் மேல்விளிம்பில் தேதிக்கு வலப்புறமாக நிற்கட்டும். கீழ்ப்பாதி முழுவதும் வெறுமையாக இருக்க வேண்டும். வழவழப்பான ஆர்ட் தாளில் பால்பாயிண்ட் பேனா வழுக்குகிறது, மை பேனாவால் எழுதினால் ஈஷிக்கொள்கிறது. தேதித் தாள்களுக்கு மேப்லித்தோ பயன்படுத்த இயலுமா என்று சிவகாசி அச்சகத்தாரிடம் கேட்டுச் சொல்லவும்.

வார இறுதி நாட்களைப் பொறுத்தவரை, ஞாயிறும் அரசு விடுமுறையும் எல்லாச் சனிக்கிழமைகளும் ஒரே சிவப்பில் இருப்பது குழப்பம் தருகிறது. ஞாயிற்றின் எண் சிவப்பாகவே இருக்கட்டும். சனிக்கிழமை எண் கறுப்பில் வரட்டும். வங்கி விடுமுறையான இரு சனிக்கிழமைகளுக்கு மட்டும் கட்டத்தின் பின்னணியில் மெல்லிய சாம்பல் நிறம் இருந்தால் போதும். அரசு விடுமுறைக்குச் சிவப்பு எண்ணுடன் ஒரு சிறு வட்டமும் சேர்த்தால், சுதந்திர தினம் ஞாயிற்றுக்கிழமையில் வரும் 2027இல் ஆகஸ்ட் 15 மற்ற ஞாயிறுகளிலிருந்து தனித்துத் தெரியும். நிறம் பிரித்தறிய இயலாதவர்களுக்கும் அது உதவும். மஞ்சள் பின்னணியின் மேல் சிவப்பு எண் டியூப்லைட் வெளிச்சத்தில் மங்கித் தெரிவதால் அதைக் கைவிடவும்.

கட்டக் கோடுகள் இப்போது எண்களைப் போலவே அழுத்தமாக உள்ளன. அவற்றை இளஞ்சாம்பல் நிறத்துக்கு மாற்றினாலே தேதிகள் முன்னே வந்து நிற்கும்.

பன்னிரண்டு தாள்களையும் ஒருசேரத் திருத்த வேண்டியதில்லை. ஆறு வரிசை கொண்ட மே, ஐந்து வரிசை கொண்ட ஆகஸ்ட் ஆகிய இரண்டை மட்டும் முழு அளவில் அச்செடுத்து முதலில் அனுப்பினால், அவற்றை மீண்டும் சுவரில் மாட்டிப் பார்த்தபின் மற்றவற்றுக்கு ஒப்புதல் தருகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்,
நாட்காட்டிக் குழு சார்பாக