நிலுவைத் தொகை கோரும் அறிவிப்பு: பிரிண்டிங் ஜாப் ஒர்க் பில்கள், ₹4,17,840

நாள்: 15.09.2025
இடம்: திருப்பூர்

ஸ்பீட் போஸ்ட் மற்றும் மின்னஞ்சல் வழியாக

அனுப்புநர்:
உரிமையாளர்,
பனியன் துணி பிரிண்டிங் யூனிட்,
அங்கேரிபாளையம் சாலை, திருப்பூர்.

பெறுநர்:
நிர்வாகப் பங்குதாரர் அவர்கள்,
பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம்,
பெருமாநல்லூர் சாலை, திருப்பூர்.

பொருள்: பிப்ரவரி, மார்ச் 2025 மாதங்களில் முடித்துக் கொடுத்த பிரிண்டிங் வேலைக்கான நிலுவைத் தொகையைக் கேட்டு அனுப்பும் அறிவிப்பு.

ஐயா, வணக்கம்.

உங்கள் நிறுவனத்துக்கு 2019 முதல் பிரிண்டிங் ஜாப் ஒர்க் செய்து வருகிறோம். இதுவரை எங்களுக்குள் பணம் பற்றி எழுத்தில் பேச வேண்டிய நிலை வந்ததில்லை. போனில் ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. இந்த முறை அது போதவில்லை என்பதால்தான் இந்த அறிவிப்பு. எங்கள் வழக்கறிஞர் முதலில் ஒரு வரைவு தயாரித்துக் கொடுத்தார். சட்டப்படி அதில் குறையில்லை. ஆனால் ஆறு வருடம் வேலை கொடுத்தவருக்கு அனுப்பும் பாஷையாக அது எனக்குப் படவில்லை. ஆகவே கோரிக்கையை அப்படியே வைத்துக்கொண்டு, சொற்களை மட்டும் மாற்றி நானே எழுதுகிறேன். சொல் தணிந்திருப்பதால் கோரிக்கையும் தணிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் ஒர்க் ஆர்டர்களின்படி மூன்று லாட் வேலை முடித்து, டெலிவரி சலானுடன் அனுப்பினோம். அந்தந்த நாளிலேயே பில்லும் போட்டோம். முதல் பில் 12.02.2025 தேதியிட்டது: 18,000 பீஸ், பீஸுக்கு ₹9, 5 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து ₹1,70,100. இரண்டாவது 03.03.2025 தேதியிட்டது: 24,000 பீஸ், பீஸுக்கு ₹11, ஜிஎஸ்டியுடன் ₹2,77,200. மூன்றாவது 21.03.2025 தேதியிட்டது: 15,000 பீஸ், பீஸுக்கு ₹8, ஜிஎஸ்டியுடன் ₹1,26,000. மொத்தம் ₹5,73,300.

இதில் 1 சதவீதம் டிடிஎஸ் ஆக ₹5,460 பிடித்திருக்கிறீர்கள். 30.04.2025 அன்று முதல் பில்லுக்கு என்று சொல்லி ₹1,50,000 வங்கி மூலம் அனுப்பினீர்கள். இவை இரண்டையும் கழித்தால் நிற்கும் பாக்கி ₹4,17,840. அதற்குப் பிறகு இந்தக் கணக்கில் எதுவும் வரவாகவில்லை.

பணம் எப்போது தர வேண்டும் என்பதில் குழப்பம் இல்லை. பில் தேதியிலிருந்து 45 நாள் என்று உங்கள் ஒர்க் ஆர்டரிலேயே இருக்கிறது. அந்தக் கணக்குப்படி மூன்று பில்களின் கெடுவும் முறையே மார்ச் 29, ஏப்ரல் 17, மே 5 ஆகிய தேதிகளில் முடிந்துவிட்டது. ஜூன் 19 அன்று கேட்டபோது, "அடுத்த வாரம் போட்டுடறோம், ஷிப்மெண்ட் பணம் வரணும்" என்று உங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்து வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. பில்லில் குறை என்றோ, வேலையில் குறை என்றோ அப்போது ஒரு சொல் இல்லை.

அப்புறம் ஜூலை 11 தேதியிட்டு ₹96,000க்கு ஒரு டெபிட் நோட் வந்தது. மார்ச் 3 லாட்டில் வாஷ் செய்த பிறகு பிரிண்ட் வெடித்துவிட்டது என்பது காரணம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மீதிப் பணமும் இதைச் சாக்கிட்டுத்தான் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

அந்த டிசைனுக்கான ஸ்ட்ரைக் ஆஃப் பீஸை பிப்ரவரி 22 அன்று உங்கள் குவாலிட்டி பொறுப்பாளர் வாஷ் செய்து பார்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தப் பீஸ் இன்னும் எங்களிடம் இருக்கிறது. அதே இங்க், அதே க்யூரிங் சூட்டில்தான் லாட் முழுக்க ஓடியது. பிரிண்ட் ஆன பீஸ்கள் உங்கள் இடத்தில் தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் எல்லாம் கடந்துதான் பெட்டிக்குள் போகின்றன. வெடிப்பு இருந்திருந்தால் அத்தனை கைகளில் ஒன்றாவது அதைப் பிடித்திருக்கும். ஒரு பீஸ்கூட எங்களுக்குத் திரும்பி வரவில்லை. டெபிட் நோட்டுடன் லேப் ரிப்போர்ட்டோ, பையர் அனுப்பிய கிளெய்ம் நகலோ, ஒரு போட்டோவோ வைக்கப்படவில்லை. ₹96,000 என்ற தொகை எந்தக் கணக்கில் வந்தது என்பதும் அதில் இல்லை.

குறு, சிறு மற்றும் நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006 இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. சரக்கோ சேவையோ கிடைத்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், அதை ஏற்றுக்கொண்டதாகவே கருத வேண்டும். உங்கள் ஆட்சேபம் வந்தது நான்கு மாதம் கழித்து. அதோடு, மூன்று பில்களின் முழு மதிப்புக்கும் டிடிஎஸ் பிடித்துக் கட்டியிருக்கிறீர்கள். எங்கள் 26ஏஎஸ் படிவத்தில் அது பதிவாகியிருக்கிறது. குறையுள்ள பில் என்று நினைத்திருந்தால் அதைச் செய்திருக்க மாட்டீர்கள் என்பதே என் எண்ணம்.

இருந்தாலும், உண்மையிலேயே பையர் பிடித்தம் செய்திருந்தால் அதைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லவில்லை. பாதிக்கப்பட்ட பீஸ்களையும் பையரின் கடிதத்தையும் காட்டுங்கள். எங்கள் பக்கம் தவறு தெரிந்தால், தவறான பீஸ்களின் அளவுக்குக் கணக்கை நேர் செய்கிறேன். ஒரு லாட்டின் ஒரு பகுதி மீதான சந்தேகத்துக்காக மூன்று லாட்டின் பணத்தையும் நிறுத்தி வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதில் ஏற்றுமதியாளர்கள் படும் பாடு இந்த ஊரில் இருக்கும் எனக்குத் தெரியாததல்ல. ஆர்டர் நிற்பது உங்களுக்கு முதலில் வலிக்கும், அடுத்த வாரமே எங்களுக்கும் வலிக்கும். ஆனால் இந்த மூன்று பில்களும் அந்த வரி வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே கெடு முடிந்தவை. எங்கள் யூனிட்டில் சனிக்கிழமை தோறும் வாரச் சம்பளம் தர வேண்டும். இங்க் கடையில் கடன் கிடையாது. இந்த பில்களுக்கான ஜிஎஸ்டியை, உங்களிடமிருந்து வாங்காமலே நாங்கள் கட்டிவிட்டோம். தீபாவளி அக்டோபர் 20; போனஸ் பேச்சு இப்போதே தொடங்கிவிட்டது.

சட்டத்தில் எங்களுக்கு உள்ள உரிமையையும் பதிவு செய்துவிடுகிறேன். எங்கள் யூனிட் 2021 முதல் உத்யம் பதிவு பெற்ற குறு நிறுவனம். பதிவு எண் ஒவ்வொரு பில்லிலும் அச்சிடப்பட்டிருக்கிறது. மேலே சொன்ன சட்டத்தின் 15, 16 ஆகிய பிரிவுகளின்படி கெடு தாண்டிய தொகைக்கு, ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாகத் தர வேண்டும். இன்றைய பேங்க் ரேட் 5.75 சதவீதம், மூன்று மடங்கு 17.25 சதவீதம். இப்போதுள்ள பாக்கிக்கு அது மாதம் சுமார் ₹6,000 ஆகிறது.

இதைத் தவிர உங்கள் ஆடிட்டரிடம் இரண்டு விஷயங்களைக் கேட்டுப் பார்க்கலாம். கெடு தாண்டியும் தராத இந்தத் தொகையை, வருமான வரிச் சட்டம் 43பி(எச்) பிரிவின்படி, பணம் கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், எடுத்துக்கொண்ட ஜிஎஸ்டி உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். முதல் இரண்டு பில்களுக்கு அந்த 180 நாள் ஆகஸ்டிலேயே முடிந்தது, மூன்றாவதற்கு நாளை மறுநாள் முடிகிறது. இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. பணத்தை நிறுத்தி வைப்பதில் உங்களுக்கும் நஷ்டம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆகவே நான் கேட்பது இதுதான். டெபிட் நோட்டில் சொன்ன ₹96,000 போக மீதமுள்ள ₹3,21,840 மீது உங்களுக்கே எந்தத் தகராறும் இல்லை. அதை 06.10.2025 திங்கட்கிழமைக்குள், பில்லில் உள்ள எங்கள் வங்கிக் கணக்கில் செலுத்திவிடுங்கள். ₹96,000 பற்றி, பீஸ்களையும் ஆதாரங்களையும் வைத்துக்கொண்டு 31.10.2025க்குள் நேரில் பேசி முடிப்போம். உங்கள் அலுவலகம் என்றாலும் சரி, எங்கள் யூனிட் என்றாலும் சரி. இருவருக்கும் பொதுவான ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்று விரும்பினால் அதற்கும் சம்மதம். இந்த இரண்டும் சொன்ன தேதிக்குள் நடந்தால், இதுவரை சேர்ந்த வட்டியை நான் கேட்கப் போவதில்லை.

இந்த வட்டிச் சலுகை, விஷயம் பேச்சில் முடிவதற்காக மட்டும் சொல்வது. சொன்ன தேதிகள் தாண்டினால் சலுகை தானாக முடிந்துவிடும். முழு ₹4,17,840க்கும் அந்தந்தக் கெடுத் தேதியிலிருந்து வட்டி சேரும். டெபிட் நோட்டை நான் ஏற்றுக்கொண்டதாக இந்த அறிவிப்பில் உள்ள எந்த வரியையும் பொருள் கொள்ளக் கூடாது.

அக்டோபர் 6க்குள் பணமோ, காரணத்துடன் கூடிய எழுத்துப்பூர்வமான பதிலோ வராவிட்டால், அதே சட்டத்தின் 18ஆம் பிரிவின் கீழ் குறு மற்றும் சிறு நிறுவனங்களுக்கான வசதியாக்கல் மன்றத்தில் மனு செய்வேன். அங்கேயும் முதலில் சமரசம்தான். அது முடியாதபோதுதான் நடுவர் தீர்ப்பு. அப்படி வரும் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. வணிக நீதிமன்றத்தில் வழக்குப் போடும் வழியும் திறந்தே இருக்கிறது. அதற்கு முன்னால் வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 12ஏ பிரிவின்படியான சமரசப் பேச்சுக்கும் நான் தயார். எந்த வழியில் போவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அந்த முடிவை எடுக்க வேண்டிய தேவை வராது என்றே எதிர்பார்க்கிறேன்.

இப்போது எங்களிடம் ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் லாட்டை இந்தத் தகராறோடு சேர்த்துக் குழப்ப மாட்டேன். அது ஒப்புக்கொண்ட தேதியில் டெலிவரி ஆகும். புதிய ஆர்டர்களைப் பற்றி மட்டும் பழைய கணக்கு தீர்ந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

மூன்று பில்கள், டெலிவரி சலான்கள், ஒர்க் ஆர்டர்கள், கையெழுத்திட்ட ஸ்ட்ரைக் ஆஃப் பீஸின் படம், 26ஏஎஸ் பக்கம், ஜூன் 19 வாட்ஸ்அப் பதிலின் படம், உத்யம் சான்று ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். உங்கள் கணக்கில் பாக்கித் தொகை வேறாக இருந்தால், உங்கள் லெட்ஜர் நகலை அனுப்புங்கள். ஒப்பிட்டுப் பார்த்து உடனே பதில் தருகிறேன். இந்த அறிவிப்பின் ஒரு பிரதி எங்கள் வழக்கறிஞரிடம் இருக்கிறது. பதிலை நேரடியாக எனக்கே அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
(ஒப்பம்)
உரிமையாளர்,
பனியன் துணி பிரிண்டிங் யூனிட்,
திருப்பூர்.