கவி பாப்பாவுக்கு, குவார்ட்டர்லி மார்க் பாத்துட்டு

பாப்பா, ஹாஸ்டல்ல ஞாயித்துக்கிழமை தான் போன் கைல குடுப்பாங்கன்னு தெரியும், அப்ப பொறுமையா படி. குவார்ட்டர்லி மார்க் வந்துருச்சு. பிசிக்ஸ் 70க்கு 23, மேக்ஸ் 90க்கு 41. போன தடவ போன்ல பேசுனப்ப எதக் கேட்டாலும் "ம்ம்" "ம்ம்"னு மட்டும் சொல்லிட்டு வச்சுட்டியே, இதுக்குத் தானா? அப்பா திட்ட மாட்டேன்டா. நான் பத்தாவதுல மேக்ஸ்ல பெயிலாப் போனப்ப உங்க தாத்தா ஒரு வாரம் என் மூஞ்சியப் பாத்துப் பேசல, மார்க் போனத விட அந்த ஒரு வாரம் தான் இன்னும் வலிக்குது, அத உனக்கு நான் குடுக்க மாட்டேன்.

மிஸ் அனுப்புன பிசிக்ஸ் பேப்பர் போட்டோவ ரெண்டு தடவ பெருசாக்கிப் பாத்தேன். வீட்ஸ்டோன் பிரிட்ஜ் படம் ஸ்கேல் வச்சு என்ன அழகா போட்டிருக்க, நடுவுல கால்வனோமீட்டர் எல்லாம் சரியா இருக்கு, கிர்ச்சாஃப் ஈக்வேஷன் ரெண்டு வரி எழுதிட்டு அப்படியே விட்டுட்ட. கால்வனோமீட்டர்ல கரண்ட் போகாதப்ப ஜீரோ போட்டா P/Q = R/S வந்துருக்கும், நாலு வரி தான் பாக்கி. தெரியாமயா விட்ட, இல்ல டைம் பத்தலையா? அத மட்டும் சொல்லு. அப்பா ஒயரிங் வேலைக்குப் போற வீட்ல லைட் எரியலன்னா மொத்த ஒயரையும் பிடுங்கிப் போட மாட்டேன், மீட்டர் வச்சு எங்க விட்டுருக்குன்னு ஒவ்வொரு ஜங்ஷனா பாப்பேன். உன் பேப்பரையும் அப்படித் தான் பாத்தேன்.

ஒன் மார்க் 15ல 6 தான் வந்திருக்கு. புக் பேக் ஒன் மார்க்க தினம் சாப்பாட்டுக்கு முன்னாடி பத்து பாரு போதும், அரையாண்டுல அங்கயே ஆறேழு மார்க் ஏறிடும். மேக்ஸுக்கு ஸ்டடி ஹவர்ல மிஸ்கிட்டயே போய் கேளு. கேக்க கூச்சமா இருந்தா பக்கத்து பெட் புள்ளகிட்ட கேளு. ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் முழிச்சுப் படிக்காத, கண்ணு உள்ள போயிருந்துச்சு போன தடவ வந்தப்ப, அம்மா அதயே சொல்லிட்டு இருக்கா.

தமிழ்ல 82 எடுத்திருக்க, அத எங்ககிட்ட நீ சொல்லவே இல்ல. அப்பத்தா அத தெரு பூரா சொல்லிட்டு வந்துருச்சு.

இன்னொன்னு, அங்க இருக்க முடியல, மனசு சரியில்லன்னு தோணுச்சுன்னா மார்க்க நெனச்சு மறைக்காத தாயி. வார்டன் மேடம்கிட்ட சொல்லி எப்ப வேணா போன் போடு, நான் நடுராத்திரி பஸ் ஏறிக் கூட நாமக்கல் வந்துருவேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை நானும் அம்மாவும் வர்றோம். அந்த பிசிக்ஸ் பேப்பர எடுத்து வை, உக்காந்து சேர்ந்து பாப்போம். அம்மா எள்ளு உருண்டையும் கருவேப்பில பொடியும் கட்டி வச்சிருக்கா, வேற என்ன வேணும்னு சொல்லு. தம்பி உன் சைக்கிளத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு நேத்து ஓட்டிட்டான், அத நேர்ல வந்து நீயே கேட்டுக்கோ.

அப்பா