கதிர்காமம் போகும் அம்மா, அப்பாவுக்கான பயணப் பட்டியல்

அம்மா, அப்பா,

பஸ் வெள்ளிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு கோயிலடியில் இருந்து புறப்படும், ஞாயிறு இரவு களுவாஞ்சிக்குடிக்குத் திரும்பும். வியாழன் மாலை தம்பி வந்து இந்தத் தாளைப் பார்த்து எல்லாவற்றையும் அடுக்கித் தருவான். அவன் அடுக்கும்போது இருவரும் பக்கத்தில் இருங்கள். எது எந்தப் பையில் இருக்கிறது என்று இருட்டிலும் உங்கள் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று பைகள் போதும். மருந்துப் பை அம்மாவின் மடியில், துணிப் பை தலைக்கு மேலுள்ள தட்டில், சாப்பாட்டுப் பை காலடியில். பஸ்ஸின் பின்புறப் பெட்டிக்குள் உங்கள் சாமான் எதுவும் போகக் கூடாது. கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் அந்தப் பெட்டி அடுப்பாகக் கொதிக்கும். வழியில் அதைத் திறந்து தரும்படி கேட்கவும் நீங்கள் கூச்சப்படுவீர்கள்.

மருந்துப் பை

போவது மூன்று நாளைக்கு என்றாலும் ஆறு நாளைக்கு மருந்து வையுங்கள். பஸ் பழுதானாலும், புத்தல வீதியில் யானை மறித்து நேரம் போனாலும் குளிசை தீர்ந்துவிடக் கூடாது. கிளினிக்கில் தந்த காகித உறைகளை வீசிவிட்டு எல்லாவற்றையும் ஒரே போத்தலில் கொட்ட வேண்டாம். மருந்தின் பெயர் அந்த உறைகளில்தான் இருக்கிறது. தம்பி ஒவ்வோர் உறையிலும் பெரிய எழுத்தில் காலை, மதியம், இரவு என்று தமிழில் எழுதுவான்.

அப்பாவுக்கு:
- லொசாட்டன், காலையில்.
- அஸ்பிரின், சாப்பிட்ட பிறகு மட்டும்.
- அட்டோவாஸ்டற்றின், இரவில்.
- சிறுநீர் போகும் குளிசை. இதை நான் கிளினிக் டாக்டரிடம் கேட்டுவிட்டேன். பஸ்ஸில் போகும் வெள்ளியும் ஞாயிறும் காலையில் எடுக்காமல், பயணம் முடிந்து இறங்கிய பிறகு எடுக்கலாம் என்றார். அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை, அப்பா. பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வெட்கப்பட்டு நீங்களாகவே விட்டுவிடாதீர்கள். தண்ணீர் குடிப்பதையும் குறைக்காதீர்கள்.
- நாக்குக்கடியில் வைக்கும் குளிசை. அது வந்த கண்ணாடிப் போத்தலிலேயே, மூடி இறுக்கி, பையின் வெளிப்பக்க அறையில் இருக்கட்டும். நெஞ்சு இறுகினால் முதலில் உட்காருங்கள், பிறகு வையுங்கள். நின்றபடி வைத்தால் பிரஷர் குறைந்து தலை சுற்றும். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் யாரையும் யோசிக்காமல் 1990 அழைக்கச் சொல்லுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

அம்மாவுக்கு:
- மெட்போர்மின், காலையும் இரவும் சாப்பாட்டோடு.
- இன்சுலின் போத்தல், ஊசிகள், துடைக்கும் பஞ்சு.
- சீனி பார்க்கும் மெஷின், அதன் பட்டிகள். பற்றரி வேலை செய்கிறதா என்று தம்பி முன்னதாகவே பார்க்க வேண்டும்.

இன்சுலினைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். அது உறையவும் கூடாது, சூட்டில் வாடவும் கூடாது. அகன்ற வாய் பிளாஸ்க்கில் அடியில் கொஞ்சம் ஐஸ், அதன்மேல் மடித்த துவாய், அதற்கும் மேல் ஒரு சிறிய டப்பாவில் இன்சுலின் போத்தல். ஐஸ் போத்தலில் நேராகப் படக் கூடாது. யன்னலோரம் வெயில் படும் இடத்தில் பிளாஸ்க்கை வைக்க வேண்டாம். விடுதியில் குளிர்சாதனப் பெட்டி இருந்தால் கதவுத் தட்டில் வைக்கக் கேளுங்கள், ஐஸ் பெட்டிக்குள் அல்ல.

அம்மா, சாப்பாடு கையில் வரும்வரை ஊசி போடாதீர்கள். “இன்னும் பத்து நிமிடத்தில் கடை வந்துவிடும்” என்று சாரதி சொல்வதை நம்பிப் போடவே கூடாது. கதிர்காமத்தில் பூசை முடியும்வரை ஒன்றும் சாப்பிடாமல் நிற்பதுதான் உங்கள் வழக்கம் என்று எனக்குத் தெரியும். இன்சுலின் தொடங்கிய பிறகு அந்த வழக்கம் உங்களுக்கு இல்லை. முருகன் உங்கள் வயிற்றை வாடவைத்து வரம் தருபவன் அல்ல. மரக்கறிச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டே சந்நிதிக்குப் போங்கள்.

கை நடுங்கி, வியர்த்து, கண் மங்கினால் சீனி இறங்குகிறது என்று அர்த்தம். அதற்காகக் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று அம்மாவின் பையிலும், இன்னொன்று அப்பாவின் சட்டைப் பையிலும் இருக்க வேண்டும். மூன்று தேக்கரண்டியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மெஷினில் பாருங்கள். சரியாகிவிட்டால் இரண்டு பிஸ்கட் சாப்பிடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், உடனே 1990. அப்பா, இந்தப் பகுதியை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டும்.

இருவருக்கும் பொதுவாக: பனடோல் ஒரு அட்டை, ஜீவனி நான்கு பாக்கெட், சித்தாலேப ஒரு சிறிய டப்பா, காயத்துக்கு பிளாஸ்டர், பஞ்சு, கிருமிநாசினி. ஜீவனி வயிற்றோட்டத்துக்கு மட்டும், பாக்கெட்டில் எழுதியபடி கொதித்தாறிய தண்ணீரில். அதில் உப்பு இருப்பதால் வெயில் களைப்புக்கு அப்பா குடிக்க வேண்டாம். முழங்கால் வலிக்கு என்று பஸ்ஸில் யாராவது அன்போடு ஒரு குளிசை நீட்டுவார்கள். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். இருதய வருத்தம் உள்ளவருக்கும் பிரஷர் உள்ளவருக்கும் சில வலிக்குளிசைகள் ஆபத்து.

கிளினிக் கொப்பி இரண்டும் இதே பையில். கூடவே இருவரின் அடையாள அட்டை, எங்கள் தொலைபேசி எண்கள் எழுதிய அட்டை. அந்த அட்டையின் பின்புறத்தில் “எனக்கு இருதய வருத்தம், இவருக்குச் சீனி வருத்தம், இன்சுலின் போடுகிறார்” என்று சிங்களத்தில் எழுதித் தரும்படி தம்பி தன் அலுவலக நண்பரைக் கேட்டிருக்கிறான். மொனராகலையிலோ கதிர்காமத்திலோ ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் வாய் திறப்பதற்கு முன் அந்த அட்டையை நீட்டுங்கள்.

துணிப் பை

அப்பாவுக்கு இரண்டு மெல்லிய சாரம், ஒரு வேட்டி, கைவைத்த பருத்திச் சட்டை மூன்று, சால்வை ஒன்று. கோயிலுக்குள் உடுக்க வேட்டி ஒன்று போதும், பட்டு வேட்டி வீட்டில் இருக்கட்டும்.

அம்மாவுக்கு மூன்று நூல் சேலை. மருதமுனையில் வாங்கிய நீலக்கரைச் சேலையையும் மஞ்சளையும் கட்டாயம் எடுங்கள். துவைத்தால் விரைவில் காயும், வியர்வையையும் உறிஞ்சும். காஞ்சிபுரம் வேண்டாம் அம்மா. கூட வரும் மாமி உடுத்தினாலும் வேண்டாம். அந்தக் கனத்தோடு மணலில் நடந்தால் முழங்கால் தாங்காது. ஆற்றில் குளிக்கப் பழைய சேலை ஒன்று தனியாக. உள்ளாடைகள் நாளுக்கு இரண்டு என்று கணக்கு வையுங்கள், ஊக்கு ஒரு கொத்து.

விடியற்காலையில் பஸ் ஓடும்போது காற்று முகத்தில் அடிக்கும். அதற்கு ஆளுக்கொரு பருத்திப் போர்வை. சுவெட்டர் தேவையில்லை.

காலுக்கு இரண்டு சோடி பருத்திக் காலுறை. இந்தப் பட்டியலில் இதைத்தான் நீங்கள் விட்டுவிடுவீர்கள் என்று பயப்படுகிறேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயில் வீதி மணலில் நடக்க வேண்டும். மதிய வெயிலில் அந்த மணல் சுடும். சீனி வருத்தத்தால் அம்மாவின் பாதத்துக்குச் சூடு சரியாகத் தெரிவதில்லை. கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும், அது ஆற மாதக்கணக்கில் எடுக்கும். காலுறையோடு நடந்தால் பக்தி குறைந்துவிடாது. முடிந்தவரை காலை அல்லது மாலைப் பூசைக்குப் போங்கள். இரவில் படுக்கும்முன் அப்பா டோர்ச் அடித்து அம்மாவின் பாதத்தையும் விரலிடுக்குகளையும் பார்க்க வேண்டும்.

செருப்பு பின்வார் உள்ளதாக, ஏற்கெனவே போட்டுப் பழகியதாக இருக்கட்டும். புதிய செருப்பு வேண்டாம்.

துவாய் இரண்டு, சவர்க்காரம், பற்பசை, பல்செட் வைக்கும் மூடியுள்ள டப்பா, சீப்பு, நுளம்புக்குப் பூசும் கிறீம். அப்பாவின் பழைய மூக்குக்கண்ணாடியையும் வையுங்கள், புதியது உடைந்தால் உதவும். ஈரத்துணிக்கு இரண்டு பெரிய பொலித்தீன் பை. அப்பாவின் ஊன்றுகோல் பைக்குள் அல்ல, கையில்.

சாப்பாட்டுப் பை

ஆளுக்கு ஒன்றரை லீற்றர் கொதித்தாறிய தண்ணீர், கிறீம் கிராக்கர், வாழைப்பழம், வெள்ளி காலைக்கு இடியப்பமும் சம்பலும். சொதி வேண்டாம், வெயிலில் புளித்துவிடும். ஒரு தட்டு, ஒரு கரண்டி, ஒரு கோப்பை. கதிர்காமத்தில் குரங்குகள் பையையே இழுத்துக்கொண்டு போகும், ஆகவே வெளியில் வைத்துப் பிரிக்காதீர்கள். மருந்துப் பைக்குள் ஒரு பழம்கூட வைக்காதீர்கள்.

காசும் மற்றவையும்

பெரிய தாளெல்லாம் அப்பாவின் உள்பையில். ஐம்பதும் நூறுமாகச் சில்லறை அம்மாவின் சிறு பையில். மஞ்சள் துணியில் முடிந்து வைத்த நேர்த்திக்காசு தனியாக, செலவுக் காசோடு கலக்காமல். பூசைத் தட்டு, கற்பூரம், தேங்காய் எல்லாம் அங்கேயே கிடைக்கும், இங்கிருந்து சுமக்க வேண்டாம். கைத்தொலைபேசி, சார்ஜர், பவர் பாங்க்.

அங்கே கவனிக்க

இருக்கை முன்பக்கத்தில் கேட்டிருக்கிறேன், பின்சக்கரத்துக்கு மேல் தந்தால் ஏற்காதீர்கள். பஸ் நிற்கும் இடமெல்லாம் இறங்கி நாலடி நடந்து, கணுக்காலை அசைத்துவிட்டு ஏறுங்கள். மாணிக்க கங்கையில் கரையோரம் முழங்கால் ஆழத்தில் உட்கார்ந்து வாளியால் அள்ளிக் குளியுங்கள். கல் வழுக்கும், இருவரும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டாம். ஒருவர் கரையில் மருந்துப் பையோடு இருக்க வேண்டும். செல்லக்கதிர்காமப் பிள்ளையாருக்குப் போய் வாருங்கள். கதிரமலைக்கு ஜீப்பில் ஏறும் யோசனையை மட்டும் இந்த முறை விட்டுவிடுங்கள், அப்பா. கீழிருந்தே கும்பிடுங்கள்.

ஒவ்வொரு நாளும் இரவுக் குளிசை எடுத்த பிறகு எனக்கு ஒரு அழைப்பு தாருங்கள். எடுக்காவிட்டால் மாமியின் நம்பருக்கு நானே எடுப்பேன். திங்கட்கிழமை அம்மாவின் கிளினிக் நாள், ஆகையால் ஞாயிறு இரவு வீட்டுக்கு வந்ததும் கிளினிக் கொப்பியை மருந்துப் பையில் இருந்து எடுத்து மேசையில் வைத்துவிடுங்கள். தம்பி காலை ஆறு மணிக்கு வருவான்.

அன்புடன்,
அக்காச்சி