வார்ப்பு இரும்பு தோசைக்கல், 12 அங்குலம்: திருத்திய விவரம்

அக்கா, தோசைக்கல்லுக்கான விவரத்தை மாற்றி எழுதிக் கீழே வைத்திருக்கிறேன். பழைய விவரத்தில் இருந்த 'ரத்தசோகையை விரட்டும்', 'ஒருபோதும் ஒட்டாது', 'உலகத் தரம்' மூன்றையும் எடுத்துவிட்டேன். இரும்புப் பாத்திரத்தில் சமைத்தால் உணவில் கொஞ்சம் இரும்பு சேரும் என்பது உண்மைதான். ஆனால் நாம் எழுதியதை நம்பி யாராவது டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் இப்படி விளம்பரம் செய்வதை ஏற்காது. ஒட்டவே ஒட்டாது என்று சொல்லிவிட்டு முதல் தோசையே பிய்ந்து வந்தால், வாங்கியவருக்கு நம் கடையின் மற்ற பொருள்கள் மேலும் சந்தேகம் வரும். எடையையும் துருவையும் வெளிப்படையாகப் போட்டிருக்கிறேன். நல்ல கல், அதைச் சொல்லியே விற்கலாம். இப்படியே நம் கடையின் இணையப் பக்கத்தில் ஏற்றிவிடுங்கள்.

வார்ப்பு இரும்பு தோசைக்கல், 12 அங்குலம்
விலை: ₹1,450

காலையில் அடுப்படியில் தினமும் வேலை பார்க்கப்போகிற கல் இது. கோயம்புத்தூர் பக்கத்து வார்ப்படப் பட்டறை ஒன்றில், உருக்கிய இரும்பை மணல் அச்சில் ஊற்றி எடுக்கிறார்கள். அதனால் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி இருக்காது. கையால் தடவினால் லேசாகச் சொரசொரக்கும். எண்ணெய் பிடித்துக்கொள்வதற்கு அந்தச் சொரசொரப்பு உதவியாகத்தான் இருக்கும்.

கனமான கல், ஏறக்குறைய 3 கிலோ. சூடேற நான்கைந்து நிமிடம் எடுத்துக்கொள்ளும். அப்புறம் அந்தச் சூட்டை விடாது. அடுத்தடுத்து மாவு ஊற்றினாலும் கல் சட்டென்று ஆறிப்போகாததால் தோசை ஓரம் வரைக்கும் சிவந்து வரும். ஊத்தப்பம், அடை, சப்பாத்திக்கும் நன்றாக இருக்கும். ஒரு கையால் தூக்கச் சிரமப்படுகிறவர்கள், மணிக்கட்டு வலி உள்ளவர்கள் எங்களிடம் இருக்கும் 10 அங்குலக் கல்லைப் பாருங்கள். நாலு பேர் வீட்டுக்கு அதுவே போதும்.

அரிசி கழுவிய தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, நல்லெண்ணெய் தடவிச் சூடாக்கி, பழக்கித்தான் அனுப்புகிறோம். ஆனாலும் உங்கள் அடுப்புக்கும் உங்கள் மாவுக்கும் அது புதுக் கல்தான். முதல் சில தோசைகள் ஒட்டலாம். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல் முழுக்கத் தேய்த்துவிட்டு, கொஞ்சம் கனமாக ஊற்றுங்கள். மெல்லிய முறுகல் தோசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். புழங்கப் புழங்கக் கல் கறுத்து, வழவழப்பாகி, எண்ணெயும் குறைவாகவே கேட்கும். அதற்குச் சில வாரம் ஆகலாம், ஒவ்வொரு வீட்டுக்கும் மாறும். முதல் வாரத்தில் முட்டை தோசை போட ஆசைப்படாதீர்கள்.

கழுவியதும் ஈரம் போகத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள். ஊறப்போட்டால் துருப் பிடிக்கும். பிடித்துவிட்டால் பதற வேண்டாம்: தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, அடுப்பில் காயவைத்து, மறுபடி எண்ணெய் போட்டுப் பழக்கினால் சரியாகிவிடும். புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு இதில் வேண்டாம். புளிப்பு பட்டால் பழக்கிய பூச்சு போய்விடும், குழம்பிலும் இரும்பு வாடை ஏறும். தோசை சுடும்போது வழக்கம்போல் லேசாகத் தண்ணீர் தெளிக்கலாம். சுடச்சுட இருக்கும் கல்லைக் குழாயடியில் மட்டும் காட்டாதீர்கள், கீழேயும் போடாதீர்கள். வார்ப்பு இரும்பு பார்க்க முரடாக இருந்தாலும் அப்படிச் செய்தால் விரிசல் விடும்.

அடிப்பக்கம் தட்டையாக இருப்பதால் கேஸ் அடுப்பு, இண்டக்‌ஷன் அடுப்பு இரண்டிலும் வைக்கலாம். இண்டக்‌ஷனில் குறைந்த சூட்டில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். கண்ணாடி மேல் கல்லை இழுக்காமல் தூக்கி வையுங்கள், கீறல் விழும். கைப்பிடியும் இரும்புதான், சுடும். பிடிதுணி பக்கத்தில் இருக்கட்டும்.

ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக வார்ப்பதால் எடையிலும் நிறத்திலும் சின்ன வித்தியாசம் இருக்கும். படத்தில் பார்ப்பதைவிடச் சற்றுச் சாம்பல் நிறமாகவோ பழுப்பாகவோ வரலாம். அது குறை இல்லை.

கல் வந்ததும் மரக்கரண்டிக் காம்பால் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்கவேண்டும். மந்தமாகக் கேட்டாலோ, கோடு தெரிந்தாலோ வழியில் அடிபட்டிருக்கலாம். அடுப்பில் ஏற்றாமல் 7 நாளுக்குள் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வேறு கல் அனுப்புகிறோம். கூரியர் செலவு எங்களுடையது.